வெண்ணெய் என்ன விலை என்று கேளுங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கண்ணாடி பாட்டில், பொன்னிறத்தில் மணல்மணலாக நெய், பின்னால் ஒரு காங்கேயம் பசு. "சுத்தமான நாட்டுப் பசு நெய், லிட்டர் 380 ரூபாய், வீட்டுக்கே வந்து தருவோம்" என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டு அக்கா இரண்டு லிட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து, "நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

அதே குழுவில் அதே நாள் இன்னொரு செய்தியும் சுற்றியது. ஒரு கிலோ நெய்க்கு 25 லிட்டர் பால் வேண்டும், பால் லிட்டர் 50 ரூபாய், ஆகவே 1,250 ரூபாய்க்குக் குறைவாக விற்கும் எந்த நெய்யும் போலி என்றது அது. ஒன்று 380 என்கிறது, இன்னொன்று 1,250 என்கிறது. முதலாவதை நம்பினால் நெய்யல்லாததை வாங்குவோம். இரண்டாவதை நம்பினால் கடையில் ஒழுங்காக விற்கும் நல்ல நெய்யையும் சந்தேகப்படுவோம். பிறகு யாராவது 2,500 ரூபாய் சொன்னால் அதுதான் அசல் என்று கொடுத்துவிட்டு வருவோம். விலையை வைத்து நெய்யை எடைபோட முடியும். ஆனால் இந்த இரண்டு வழியிலும் அல்ல.

என் சித்தப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பால் ஊற்ற வருகிறவர்களின் கேனிலிருந்து மாதிரி எடுத்து, கொழுப்பு எத்தனை பாயின்ட் என்று பார்த்துப் பட்டியல் போடுவதுதான் அவருடைய வேலை. இரண்டு செய்திகளையும் அவரிடம் காட்டினேன். 380 ரூபாய்ப் படத்தை அவர் ஒரு நொடிதான் பார்த்தார். இரண்டாவதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பால் கணக்கு சரிதான் கண்ணு. ஆனா நெய் எடுத்த பிறகு மிச்சப் பால் எங்க போச்சு? அதை ஓடையிலயா ஊத்தினாங்க?"

கணக்கு இப்படிப் போகிறது. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு வரை இருக்கும். நான்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பால் 1,030 கிராம் எடை என்பதால் அதில் கொழுப்பு ஏறக்குறைய 41 கிராம். நெய் என்பது கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்புதான். கடைவதிலும் உருக்குவதிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்தால் ஒரு கிலோ நெய்க்கு 26 லிட்டர் பசும்பால் ஆகிறது. எருமைப் பாலில் கொழுப்பு ஏழு பாயின்ட் இருந்தால் பதினைந்து லிட்டர் போதும். இதுவரை வாட்ஸ்அப் செய்தியில் தவறில்லை.

தவறு இதற்குப் பிறகு வருகிறது. பால் பண்ணையில் நெய்க்காகப் பாலைக் காய்ச்சுவதில்லை. கிரீம் செபரேட்டர் என்ற இயந்திரத்தில் பாலை வேகமாகச் சுழற்றுவார்கள். கனம் குறைந்த கொழுப்பு கிரீமாக ஒரு குழாயில் வரும், கொழுப்பு நீங்கிய பால் இன்னொரு குழாயில் வரும். கிரீம் வெண்ணெயாகிறது, வெண்ணெய் நெய்யாகிறது. கொழுப்பு நீங்கிய பாலில் புரதம், சர்க்கரை, தாது உப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அது பால் பவுடராகிறது, தயிராகிறது, அளவு பார்த்துப் பாக்கெட் பாலிலும் சேர்கிறது. அதாவது 26 லிட்டர் பாலின் விலையை நெய் ஒன்றே சுமப்பதில்லை. ஏறக்குறைய பாதியை மற்றது சுமக்கிறது.

ரூபாயாகவே பார்ப்போம். ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாயும், 2023 டிசம்பரிலிருந்து அதற்கு மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தது. அந்த 38 ரூபாயை வைத்தால் 26 லிட்டர் பால் 988 ரூபாய். அதிலிருந்து கிடைக்கும் பால் பவுடர் இரண்டே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பவுடர் கிலோ 230 ரூபாய்க்குப் போகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், உலர்த்தும் செலவு போக 470 ரூபாய் திரும்பி வருகிறது. மீதி 518 ரூபாய்தான் நெய்யின் தலையில் விழுகிறது. பாலைச் சேகரித்துக் குளிரூட்டி லாரியில் கொண்டுவந்த செலவில் ஒரு பங்கையும் உருக்கும் செலவையும் சேர்த்தால், பண்ணை வாசலில் ஒரு கிலோ 550லிருந்து 600 வரை நிற்கும். 1,250 இல்லை. 380உம் இல்லை.

இந்தக் கணக்கிலும் ஒரு பலவீனம் இருப்பதைச் சித்தப்பாவே சொன்னார். இதில் இரண்டு விலைகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. மழைக்குப் பிறகு பால் பெருகும் மாதங்களில் தனியார் பண்ணைகள் கொள்முதல் விலையை நான்கைந்து ரூபாய் இறக்கிவிடுவார்கள். 26 லிட்டருக்கு அதுவே நூறு ரூபாய்க்கு மேல் மாற்றிவிடும். பவுடர் விலையும் ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். அது உள்ளூர்க் கடையில் தொங்கும் விலையும் அல்ல, வியாபாரிகளுக்குள் ஓடும் விலை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாம் இதையெல்லாம் தெரிந்துகொண்டு நெய் வாங்க முடியாது.

"அதுக்கெல்லாம் நீ போக வேண்டாம். வெண்ணெய் என்ன விலைன்னு கேளு, போதும்," என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முழுத் தொழிலும் இருக்கிறது. நெய்க்கு நேர் முந்தின படி வெண்ணெய். இரண்டுக்கும் நடுவே துணைப்பொருள் எதுவும் கிடையாது. வெண்ணெயை உருக்கினால் நெய் வரும், தண்ணீர் ஆவியாகும், அடியில் கொஞ்சம் கசண்டு நிற்கும், அவ்வளவுதான். வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பு. மீதி தண்ணீரும் கொஞ்சம் தயிர்ச் சத்தும். ஆகவே ஒரு கிலோ வெண்ணெயை எவ்வளவு கவனமாக உருக்கினாலும் 800 கிராம் நெய்க்கு மேல் வராது. வீட்டில் 780 வந்தால் நல்ல வெண்ணெய். வெண்ணெயை குளிர் அறையில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், வேண்டியபோது வெண்ணெயாகவே விற்கலாம். வெண்ணெயாக விற்றால் கிடைக்கும் காசைவிடக் குறைவாக அதை நெய்யாக்கி விற்க எந்த வியாபாரிக்கும் காரணமில்லை. பால் விலையின் ஏற்ற இறக்கமும் பவுடர் விலையின் ஏற்ற இறக்கமும் வெண்ணெய் விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டன.

செய்ய வேண்டியது இதுதான். நம்பிக்கையான கடையில் ஒரு கிலோ உப்பில்லா வெண்ணெய் என்ன விலை என்று பாருங்கள். அதோடு கால்பங்கைக் கூட்டுங்கள். எட்டால் வகுத்துப் பத்தால் பெருக்கினாலும் அதே விடைதான். வருவது ஒரு கிலோ நெய்யின் அடக்கவிலை.

இங்கே ஒரு இடத்தில் பலர் வழுக்கிவிடுகிறார்கள். வெண்ணெய் கிலோவில் விற்கிறது, நெய் பெரும்பாலும் லிட்டரில் விற்கிறது. நெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் நெய் சுமார் 910 கிராம்தான். லிட்டர் 600 என்பதும் கிலோ 660 என்பதும் ஒரே விலை. பாட்டிலில் 900 கிராம் என்றோ 1 லிட்டர் என்றோ எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு நெய்யை ஒப்பிடக்கூடாது. 900 மில்லி என்று எழுதிய பாட்டிலும் உண்டு, அது 820 கிராம்தான் இருக்கும். நான் இதைப் பார்க்காமலேயே பல வருடம் வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கணக்கு நிற்கிறதா என்று உண்மையான விலையோடு ஒத்துப் பார்த்தேன். 2023 செப்டம்பரில் ஆவின் விலையை மாற்றியபோது அரைக் கிலோ வெண்ணெய் 275 ரூபாய், ஒரு லிட்டர் நெய் 700 ரூபாய். வெண்ணெய் கிலோ 550. கால்பங்கு கூட்டினால் 687 ரூபாய். அது ஒரு கிலோ நெய். லிட்டருக்கு மாற்றினால் 625 ரூபாய். விற்ற விலை 700. நடுவில் இருக்கும் 75 ரூபாய் உருக்கவும் அடைக்கவும் கொண்டுபோய் விற்கவும். ஒரே நிறுவனம் தன் வெண்ணெயையும் நெய்யையும் விற்கும்போது கணக்கு இப்படித்தான் பொருந்தி வரும். இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடை வெண்ணெய் விலையில் வரியும் கடைக்காரர் பங்கும் சேர்ந்திருக்கின்றன, டின் டின்னாக மொத்தமாக வாங்குகிறவருக்கு அது இல்லை. அதனால் நாம் கணக்கிட்ட எண்ணிலிருந்து பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாக நல்ல நெய் விற்கப்படலாம். 15 கிலோ டின்னாக எடுத்தாலும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததால் கடை விலை இறங்கியது, அதிலும் சந்தேகப்பட எதுவும் இல்லை. காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும் சரக்கைக் கடைக்காரர் தள்ளிவிடுவதும் உண்டு. வெண்ணெய்க் கணக்கைவிட கால்பங்குக்கு மேல் கீழே போகும்போதுதான் நான் வாங்குவதை நிறுத்துகிறேன். அந்தப் பள்ளத்தை எந்தத் தள்ளுபடியாலும் நிரப்ப முடியாது.

இப்போது அந்த 380 ரூபாய்க்கு வருவோம். அதைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கமுடியும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு லிட்டர் 380 ரூபாய். ஐந்து சதவீத வரி கட்டுகிறார்கள் என்றால் 362 மிஞ்சும். விற்றுத் தருபவருக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் 326. கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், வீடு வரை கொண்டுவருவது எல்லாம் சேர்த்து 25 ரூபாய் என்று மிகக் குறைவாகவே போடுவோம். பாட்டிலுக்குள் இருக்கும் பொருளுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 300 ரூபாய். கிலோவாக்கினால் 330. நல்ல நெய்யின் அடக்கமோ கிலோ 550க்குக் குறையாது. பாமாயிலும் வனஸ்பதியும் கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்த விகிதத்தில் இரண்டையும் கலந்தால் கிலோ 330 வரும்? நெய் 48 பங்கு, மற்றது 52 பங்கு. அதாவது விற்பவர் ஒரு ரூபாய் கூட லாபம் பார்க்காமல் தர்மத்துக்கு விற்றால்தான் அதில் பாதி நெய் இருக்கும். லாபம் பார்க்கிறார் என்றால் கால்பங்குதான். மணத்துக்கு எசன்ஸ் இருக்கிறது, நிறத்துக்குச் சாயம் இருக்கிறது. அதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து குழந்தைகளுக்கு ஊட்டுகிறோமே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பத்து மாதக் குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் முதன்முதலாகச் சேர்க்கும் பொருள் இது.

வீட்டில் வாங்கும் பாட்டிலுக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு அல்ல இது. 2024இல் திருப்பதி லட்டு நெய் விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டபோது, ஆய்வக அறிக்கையில் சொன்னதைப் பற்றித்தான் எல்லோரும் வாதிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே விலை பேசிவிட்டது. 2023இல் கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு, கேட்கப்படும் விலைக்குத் தங்களால் நெய் கொடுக்கமுடியாது, அதைவிடக் குறைத்துக் கொடுப்பவர்கள் தரத்தில் கை வைக்கத்தான் வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்கியது. பிறகு தேவஸ்தானம் நெய் வாங்கிய விலை கிலோவுக்குச் சுமார் 320 ரூபாய். பிரச்சினை வெடித்து, மறுபடி அந்தக் கூட்டமைப்பிடமே வாங்கியபோது கிலோ 475 ரூபாய் அளவில் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தனி விசாரணைக் குழுவை அமைத்தது. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான். கிலோ 320க்கு நெய் கொடுக்கவேண்டும் என்றால் வெண்ணெய் கிலோ 256 ரூபாய்க்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்த வெண்ணெயை எங்கே வாங்கினீர்கள்? ஒப்பந்தத்தைத் திறந்த அன்றே ஒருவர் இதைக் கேட்டிருந்தால் பதில் காகிதத்தில் வந்திருக்கும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்ற விதி மேசைக்கும் மின்விசிறிக்கும் சரி. அடக்கவிலைக்கு ஒரு தரை இருக்கிற பொருளுக்கு அந்தத் தரையைக் கணக்கிட்ட பிறகுதான் ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும்.

மலிவைப் பிடிக்க இந்தக் கணக்கு உதவும். விலை அதிகமாக இருந்தால் நல்ல நெய் என்று சொல்ல மட்டும் உதவாது. கைதேர்ந்த கலப்படக்காரர் 380க்கு விற்கமாட்டார். கடை விலைக்கு ஐம்பது ரூபாய் மட்டும் குறைத்து, இருபது பங்கு கலந்து விற்பார். அவரை வெண்ணெய்க் கணக்கால் பிடிக்க முடியாது. மறுமுனையில் லிட்டர் 2,500 ரூபாய்க்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் சொல்வதில் நியாயமான ஒரு பகுதி உண்டு. பாலை முழுசாகத் தயிராக்கி, கடைந்து வெண்ணெய் எடுத்தால் மிஞ்சுவது மோர். மோரைப் பவுடராக்கி விற்க வழியில்லை. அப்போது பாலின் பெரும்பகுதி விலை நெய்யின் மேலேயே விழும், அந்த வாட்ஸ்அப் செய்தியின் 1,250 ரூபாய் இவர்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் கடைந்த நெய் என்று எழுதிவிட்டு செபரேட்டர் நெய்யை ஊற்றினால் நமக்குத் தெரியப்போவதில்லை. இன்னும் சிலர் 'ஏ2 நெய்' என்று எழுதி இரட்டை விலை வாங்குகிறார்கள். ஏ2 என்பது பாலில் இருக்கும் ஒரு புரதத்தின் வகை. நெய்யாக உருக்கும்போது புரதம் கசண்டாக அடியில் நின்றுவிடுகிறது. நெய்யில் இல்லாத ஒன்றின் பெயருக்கு நாம் காசு கொடுக்கிறோம். நாட்டுப் பசுவை வளர்ப்பவருக்கு நல்ல விலை போய்ச் சேரவேண்டும் என்பதற்காக ஒருவர் கூடுதலாகக் கொடுத்தால் அது வேறு விஷயம், அதை நான் மதிக்கிறேன்.

சந்தேகம் வந்த பிறகு வீட்டில் சோதித்துப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணல்மணலாக இருந்தால் நல்ல நெய் என்பார்கள். மெதுவாக ஆறவிட்டால் நெய் மணல் கட்டும் என்பது உண்மை. ஆனால் வனஸ்பதி என்ற பொருளையே நெய்போல மணல் கட்டும்படிதான் செய்கிறார்கள். மஞ்சளாக இருந்தால் பசு நெய் என்பார்கள். பசும்புல்லிலிருந்து வரும் நிறம் அது, எருமை நெய் வெள்ளையாகத்தான் இருக்கும், சாயம் எதையும் மஞ்சளாக்கும். உள்ளங்கையில் வைத்தால் உருகவேண்டும் என்பார்கள். பாமாயிலும் உருகும். அயோடின் விட்டால் நீலமாகும் என்பது உருளைக்கிழங்கோ மாவோ பிசைந்து சேர்த்தால் மட்டும் வேலை செய்யும். எண்ணெயைக் கலப்பவர் அதையெல்லாம் செய்வதில்லை.

ஆய்வகத்தில் பார்ப்பது வேறு. பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் போன்ற, எளிதில் ஆவியாகும் அமிலங்கள் கணிசமாக உண்டு. மற்ற கொழுப்புகளில் அவை மிகக் குறைவு. அதை அளந்து ஒரு எண்ணாகச் சொல்வதை ஆர்.எம். மதிப்பு என்கிறார்கள். நல்ல நெய்யில் அது 28 அளவில் இருக்கும், தேங்காய் எண்ணெயில் ஏழு அளவில், பாமாயிலில் ஒன்றை ஒட்டி. பாதிக்குப் பாதி கலந்தால் எண்ணும் பாதியாக விழுந்துவிடும். வனஸ்பதியைப் பிடிக்க நம் சட்டத்திலேயே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். வனஸ்பதி தயாரிக்கும்போது அதில் ஐந்து சதவீதமாவது நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும். நல்லெண்ணெய் ஒரு குறிப்பிட்ட அமிலச் சோதனையில் சிவப்பாக மாறும், அதனால் நெய்யில் வனஸ்பதி சேர்த்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பாமாயிலை நேராகக் கலந்தால் இந்தச் சோதனை பயன்படாது. அதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன. அமிலத்தோடு செய்யும் எதையும் சமையலறையில் முயலவேண்டாம்.

சாதாரண ஆளுக்கு ஆய்வகத்தில் இடம் உண்டா என்று அக்கா கேட்டார். உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கே அந்த உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே, இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று விற்பவரிடம் சொல்லவேண்டும். கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்தால் அறிக்கை கிடைக்கும். பொருள் தவறு என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கை அதிகாரிக்கும் போகும். ரசீது இல்லாமல் எதுவும் நகராது. சென்னையில் கிண்டியில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்கலாம்.

எங்கள் தெருவில் அதற்கு வேலை வரவில்லை. பாட்டில் வந்த அன்று அக்கா என்னையும் சித்தப்பாவையும் கூப்பிட்டார். கொண்டுவந்த பையனிடம் ரசீது கேட்டோம், இல்லை என்றான். லேபிளில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'நெய்' என்று இருந்தது. பாட்டிலைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு சித்தப்பா பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்: "விளக்கேற்றுவதற்கு மட்டும்." அக்கா பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழுவிலும் அந்தப் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார். பெயர் கொடுத்திருந்த ஏழு பேரும் விலகிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஊத்துக்குளியிலிருந்து இரண்டு கிலோ வெண்ணெய் வாங்கிவந்தார், கிலோ 560 ரூபாய். அக்கா வீட்டு அடுப்பில் அடி கனத்த பாத்திரத்தில் போட்டு, சலசலப்பு அடங்கும்வரை சிறுதீயில் வைத்து, இறக்குவதற்கு முன் ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டோம். வடிகட்டித் தராசில் வைத்தால் 1 கிலோ 580 கிராம். கிலோ 709 ரூபாய், லிட்டருக்கு 645. சித்தப்பா அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தார். கசண்டில் சர்க்கரை போட்டுக் கிளறி அக்காவின் பேரன் கையில் கொடுத்தோம்.